மூலத்தை மூடிவைத்து எழுதுவது எப்படி

"சார், மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களைத் தூர்வாரியதற்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள தொடர்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். முன்னாய்வுகள் பற்றிய அத்தியாயத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். எந்த வாக்கியத்தையும் அப்படியே எடுக்கவில்லை, சொற்களையெல்லாம் மாற்றித்தான் எழுதினேன். ஆனாலும் வழிகாட்டி பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, 'இவை அவர்களுடைய வாக்கியங்கள்தான்' என்று திருப்பிவிட்டார். அந்தக் கட்டுரைகளில் இருப்பதைவிட நல்ல ஆங்கிலம் எனக்கு எழுத வராது. நான் என்னதான் செய்வது?"

தம்பி, உங்கள் அத்தியாயத்தைப் பார்க்காமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதும்போது மூலக்கட்டுரை திரையில் ஒரு பக்கம் திறந்திருந்தது, உங்கள் அத்தியாயம் மறுபக்கம் திறந்திருந்தது. அங்கே ஒரு வாக்கியம் படித்தீர்கள், இங்கே ஒரு வாக்கியம் எழுதினீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியபோது, மதிப்பீட்டாளர் ஒரு பத்தியைச் சுட்டி, அது எந்தக் கட்டுரையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று துல்லியமாக எழுதி அனுப்பினார். அந்தக் கட்டுரையை நான் மறைக்கவில்லை, அடைப்புக்குறிக்குள் அதன் எண்ணையும் போட்டிருந்தேன். சொற்களில் பாதிக்கு மேல் மாற்றியிருந்தேன். இருந்தும் படித்தவருக்கு அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்துவிட்டது. நான்கு நாள் தூக்கம் கெட்டது. பிறகுதான் மாறாமல் இருந்தது எது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

இப்படி எழுதுவதற்கு ஆங்கிலத்தில் 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயர். ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வைத்த பெயர். மூலத்தை எடுத்துக்கொண்டு, சில சொற்களை நீக்கி, இலக்கணத்தைக் கொஞ்சம் திருப்பி, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று ஒத்த பொருள் சொற்களைச் செருகுவதைத்தான் அவர் அப்படி அழைத்தார். நாம் ஒட்டுத்தையல் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன இன்னொன்று உங்களுக்கு முக்கியம்: ஒட்டுத்தையல் பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தால் வருவதில்லை. பழகாத ஒரு துறையின் மொழிக்குள் புதிதாக நுழைகிறவர்கள் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது வருவது. ஆனால் பல்கலைக்கழகம் உங்கள் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்தைப் பார்க்கிறது. அதனால் அந்த நிலையிலேயே நின்றுவிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு இல்லாமல் இது புரியாது. கீழே உள்ளது உங்கள் துறைக் கட்டுரைகளில் வரும் சாயலில், பயிற்சிக்காக நானே எழுதிய வாக்கியம். எந்தக் கட்டுரையிலும் இல்லை. அதில் வரும் 500 மீட்டரும் நான் வைத்த எண்தான், உங்கள் அத்தியாயத்தில் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

```
Although desilting increased the storage capacity of
the tanks, the rise in groundwater levels was largely
confined to wells located within 500 metres of the
bund, which suggests that recharge benefits may not
extend to the tail-end of the command area.
```

இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் மாற்றி எழுதினால் கிடைப்பது இது:

```
Even though desilting enhanced the storage ability of
the reservoirs, the increase in groundwater levels was
mostly limited to wells situated within 500 metres of
the bund, which indicates that recharge advantages may
not reach the tail-end of the command area.
```

பதினோரு இடங்களில் சொல் மாறியிருக்கிறது. ஆனால் மூல வாக்கியத்தில் உள்ள செய்திகளுக்கு எண் போட்டுப் பாருங்கள். கொள்ளளவு கூடியது என்பது ஒன்று, நீர்மட்டம் ஏறியது இரண்டு, அது கரைக்கு அருகிலேயே நின்றுவிட்டது மூன்று, கடைமடைக்குப் போகாமல் இருக்கலாம் என்பது நான்கு. இரண்டாவது வாக்கியத்திலும் அதே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முதல் துண்டு 'ஆனபோதிலும்' என்று தொடங்குவதும், நடுவில் ஒரு செயப்பாட்டு வினை வருவதும், கடைசித் துண்டு ஒரு 'விச்' போட்டு ஒட்டிக்கொள்வதும் அப்படியே. வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு வேறு வீடு என்று சொல்வதைப் போன்றது இது. உங்கள் வழிகாட்டி கோடு போட்டது சுண்ணாம்பைப் பார்த்து அல்ல, சுவர் நிற்கும் இடத்தைப் பார்த்து.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்றும் நடந்திருக்கிறது. 'டேங்க்ஸ்' என்பதை 'ரிசர்வாயர்ஸ்' ஆக்கியதும் கண்மாய் அணைக்கட்டு நீர்த்தேக்கமாகிவிட்டது. மாடக்குளம் கண்மாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வைகை அணையைப் பற்றிப் பேசுவதாக உங்கள் துறைக்காரர் நினைப்பார். 'கெபாசிட்டி' என்பது கொள்ளளவு, கன மீட்டரில் அளக்கக்கூடியது. 'எபிலிட்டி' ஆளின் திறமை போன்ற ஒன்று, அதை எந்தக் கருவி கொண்டும் கண்மாயில் அளக்க முடியாது. ஆக, ஒட்டுத்தையல் போட்டவர் மாற்றியிருக்கக் கூடாததை மாற்றிவிட்டார், மாற்ற வேண்டியதைத் தொடவே இல்லை. ஒத்த பொருள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிற எல்லோருக்கும் இதுதான் நடக்கும்.

மாற்ற வேண்டியது வாக்கியத்தின் எலும்பு. மூலம் கண்ணெதிரே இருக்கும்வரை அது மாறாது, ஏனென்றால் கண் பார்க்கும் வரிசையில்தான் கை எழுதும். ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே எழுதும்போது, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குக்கூட இந்தச் சிக்கல் உண்டு. நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, நாம் அதைக் குறையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் நிறுத்திவைக்க நம்மிடம் இன்னொரு மொழி இருக்கிறது.

நான் செய்வது இது. கட்டுரையின் ஒரு பகுதியை, ஒரு வாக்கியத்தை அல்ல, இரண்டு மூன்று பத்திகளைச் சேர்த்துப் படிக்கிறேன். கோப்பை மூடுகிறேன். சுருக்கிவைப்பதோ வேறு சன்னலுக்குப் போவதோ அல்ல, மூடுவது. பிறகு அதில் என்ன இருந்தது என்று ஒருவருக்குத் தமிழில் சொல்கிறேன். உங்களுக்கு அந்த ஒருவர் மேலூரில் வயல் வைத்திருக்கும் பெரியப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்தால் மிக நல்லது. பெரியாறு பிரதான கால்வாயின் கடைப்பகுதியில் விவசாயம் செய்கிறவருக்குத் தண்ணீர் எங்கே வரும், எங்கே வராது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்பார்: "எத்தனை கிணற்றில் பார்த்தார்கள்? எந்த வருட மழையில் பார்த்தார்கள்? எங்கள் கிணறு கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், அப்படியானால் எங்களுக்கு ஒன்றும் இல்லையா?" இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியவில்லை என்றால் கட்டுரையை நீங்கள் இன்னும் படிக்கவில்லை, அதன் சொற்களைப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். திரும்பத் திறந்து படியுங்கள், திரும்ப மூடுங்கள். சொல்ல ஆள் இல்லாவிட்டால் தனியாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்வது போதாது, மனம் மூலத்தின் சொற்களைத் திருட்டுத்தனமாக வைத்துக்கொள்ளும்.

சொன்னதைக் கையால் எழுதுங்கள். மேலே உள்ள வாக்கியத்துக்கு என் குறிப்பேட்டில் இப்படி இருக்கும்:

கட்டுரை 1. தூர்வாரியபின் கண்மாயில் தண்ணீர் கூடுதலாகப் பிடித்தது. நிலத்தடி நீர்மட்டமும் ஏறியது, ஆனால் பெரும்பாலும் கரையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் கிணறுகளில்தான் (அளந்தது). ஆயக்கட்டின் கடைமடைக்கு ஊறல் போய்ச் சேராமல் இருக்கலாம் (ஆசிரியர் ஊகம்).

கவனித்தீர்களா, ஒரே ஆங்கில வாக்கியம் தமிழில் மூன்றாக உடைந்துவிட்டது. நாம் வேண்டுமென்று உடைக்கவில்லை. ஒரு நீண்ட பெயர்ச்சொல் தொடருக்குப் பின்னால் 'லொகேட்டட்', 'விச்' என்று வால் வாலாகக் கட்டிக்கொண்டே போவது ஆங்கிலத்துக்கு எளிது. தமிழில் அந்த வால்களெல்லாம் பெயருக்கு முன்னால் வந்தாக வேண்டும், வினை கடைசியில் வர வேண்டும். அப்படிச் சொல்ல முயன்றால் மூச்சு முட்டும், ஆகவே வாய் தானாகவே துண்டு போட்டுவிடுகிறது. மூலத்தின் எலும்பு உடைவது இந்த இடத்தில்தான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மூலத்தைத் திறந்துவைத்து வரிக்கு வரி தமிழாக்கம் செய்து, அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் பழைய எலும்பே திரும்பி வரும். நான் சொல்வது மொழிபெயர்ப்பு அல்ல, நினைவிலிருந்து சொல்வது.

அடைப்புக்குறிக்குள் 'அளந்தது', 'ஊகம்' என்று போட்டிருக்கிறேனே, அது அலங்காரத்துக்கு அல்ல. இந்தப் பகுதியில் நம்மவர்கள் வழுக்கி விழுவது அதிகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மூலத்தில் 'லார்ஜ்லி' என்று ஒரு சொல், 'சஜெஸ்ட்ஸ்' என்று ஒரு சொல், 'மே' என்று ஒரு சொல் இருந்தது. மூன்றும் ஆசிரியர் தன் கூற்றைச் சுற்றிப் போட்ட வேலி. முழுக்க அப்படி இல்லை, பெரும்பாலும் அப்படி. நிரூபிக்கவில்லை, அந்தத் திசையைக் காட்டுகிறது. போகாது என்று சொல்லவில்லை, போகாமல் இருக்கலாம். தமிழில் பேசும்போது நாம் வேகத்தில் இந்த வேலிகளைத் தாண்டிவிடுகிறோம். "கடைமடைக்குப் பலன் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று குறிப்பெழுதிவிடுவோம். ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்பிலிருந்து எழுதும் ஆங்கில வாக்கியம் நம் சொந்த வாக்கியமாகத்தான் இருக்கும், ஆனால் ஆசிரியர் சொல்லாத ஒன்றை அவர் தலையில் கட்டியிருக்கும். நகலெடுப்பதைவிட இது மோசம் என்பது என் எண்ணம். நகலெடுத்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள், இதில் மூல ஆசிரியர் மாட்டிக்கொள்கிறார்.

இதன் இன்னொரு முகம் வினைச்சொல். தமிழில் எல்லாவற்றையும் 'கூறுகிறார்' என்று முடித்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் பத்து இடத்திலும் 'செட்' அல்லது 'டோல்ட்' என்று எழுதிவிடுகிறோம். ஆய்வு ஆங்கிலத்தில் வினைச்சொல்தான் ஆசிரியர் எந்த அளவுக்கு உறுதியாக நிற்கிறார் என்பதையும், நீங்கள் அவரை எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதையும் சொல்கிறது. அளந்து பார்த்தது என்றால் 'ஃபவுண்ட்', 'ரிப்போர்ட்டட்'. சான்றிலிருந்து ஊகித்தது என்றால் 'சஜெஸ்டட்'. வாதம் என்றால் 'ஆர்கியூட்'. 'கிளெய்ம்ட்' என்று போட்டால் எனக்கு அதில் ஐயம் இருக்கிறது என்று பொருள்படும், ஆகவே தெரியாமல் போட்டுவிடாதீர்கள். 'ப்ரூவ்ட்' என்பதைக் கணிதக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். குறிப்பில் அளந்தது, ஊகம், வாதம் என்று எழுதி வைத்திருந்தால் வினைச்சொல்லைத் தேட வேண்டிய வேலையே இருக்காது.

இனி ஆங்கிலம். குறிப்பெழுதியவுடன் ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள், மூலத்தின் தாளம் இன்னும் காதில் இருக்கும். காலையில் குறிப்பு, மாலையில் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். எழுதத் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி: இந்த வாக்கியம் என் அத்தியாயத்தில் என்ன வேலை செய்யப்போகிறது? உங்கள் ஆய்வு மேலூர்க் கடைமடை விவசாயிகளுக்குத் தூர்வாரலால் பலன் உண்டா என்பது பற்றியது என்றால், உங்களுக்கு வேண்டியது நான்காவது செய்தி. அது தலைக்கு வர வேண்டும். கொள்ளளவு கூடியது என்ற முதல் செய்தி உங்களுக்குத் தேவையே இல்லை, விட்டுவிடலாம். மூல ஆசிரியர் அதை முதலில் வைத்தது அவருடைய கட்டுரைக்கு அது தேவைப்பட்டதால். ஆக:

```
Not every farmer below a desilted tank may gain from
the work. In one study, groundwater rose mainly in
wells no more than 500 metres from the bund, so fields
at the tail end may see little recharge [1].
```

எளிய ஆங்கிலம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 'கன்ஃபைண்ட்', 'எக்ஸ்டெண்ட்' போன்ற கனமான சொற்கள் ஒன்றும் இல்லை. "அவர்களைவிட நல்ல ஆங்கிலம் எனக்கு வராது" என்று எழுதியிருந்தீர்களே, யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்களைவிடச் சின்ன ஆங்கிலம் வந்தால் போதும், சரியாக இருந்தால் போதும். செய்திகளின் வரிசை நான்கு, இரண்டு, மூன்று, மறுபடி நான்கு என்று மாறிவிட்டது. ஒரு வாக்கியம் இரண்டானது. 'மெயின்லி', 'மே' என்ற வேலிகள் தங்கிவிட்டன. கடைசியில் எண்ணும் இருக்கிறது. சொந்தச் சொற்களில் எழுதிவிட்டோம், இனி எண் போட வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொற்கள் உங்களுடையவை, கண்டுபிடிப்பு அவருடையது. எண் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக மாற்றி எழுதினாலும் அது திருட்டுத்தான். தமிழில் வந்த அறிக்கையையோ ஆய்வேட்டையோ ஆங்கிலமாக்கி எழுதும்போதும் இதே விதிதான். மொழி மாறிவிட்டது என்பதால் சொந்தமாகிவிடாது.

இங்கே ஓர் ஐயம் வரும். 'கிரவுண்ட்வாட்டர்', 'டிசில்ட்டட்', 'பண்ட்', 'ரீசார்ஜ்', '500 மீட்டர்' எல்லாம் மூலத்தில் இருந்தவைதானே? இருக்கட்டும். துறைச்சொல்லுக்கும் அளவுக்கும் பெயருக்கும் உரிமையாளர் இல்லை. நம் ஊரில் கண்மாய், மடை, கலுங்கு, ஆயக்கட்டு என்று சொல்வதைப் போலத்தான் அவையும். கலுங்கை வேறு பெயரில் அழைத்தால் மடையைச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் துறையின் மாற்றக் கூடாத சொற்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் பட்டியலுக்குரியதா என்று ஐயம் வந்தால், வேறு வேறு ஆட்கள் எழுதிய மூன்று கட்டுரைகளில் பாருங்கள். மூவரும் அதையே பயன்படுத்தினால் அது துறைச்சொல். ஒருவர் மட்டும் பயன்படுத்தியிருந்தால் அது அவர் நடை. உங்கள் துறையில் முப்பது நாற்பது சொற்களுக்குமேல் தேறாது. 'சிக்னிஃபிகன்ட்' என்பதும் அதில் வரும். புள்ளியியல் சோதனையோடு அது வரும்போது 'இம்பார்ட்டன்ட்' என்று மாற்றினால் பொருளே வேறு.

இதைப் போலவே உரிமையாளர் இல்லாத இன்னொரு வகையும் உண்டு: உள்ளே செய்தி எதுவும் இல்லாத வெறும் சட்டகங்கள். இந்த முடிவுகள் இன்னதைச் சுட்டுகின்றன, இதைப் பற்றி அதிகம் ஆராயப்படவில்லை, இதற்கு மாறாக, என்பவற்றுக்கான ஆங்கிலத் தொடர்களை எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட தொடர்களைத் திரட்டி 'அகாடமிக் ஃபிரேஸ்பேங்க்' என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. அச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடரிலிருந்து பெயர்ச்சொற்களையெல்லாம் எடுத்துவிட்டு, கிணற்றுக்குப் பதிலாக நோயாளியையோ வங்கிக் கடனையோ வைத்தால் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அது சட்டகம். உங்கள் கண்மாய்க்கு மட்டும்தான் பொருந்தும் என்றால் அது ஒருவருடைய கூற்று.

இதுவரை ஒரு மூலம், ஒரு வாக்கியம் என்று பேசினோம். முன்னாய்வு அத்தியாயம் அப்படி எழுதப்படுவதே இல்லை, எழுதப்படக் கூடாது. நம் பல்கலைக்கழகங்களில் வரும் ஆய்வேடுகளில் பாதியில் இந்த அத்தியாயம் ஒரு வருகைப் பதிவேடு போல இருக்கும்: இன்னார் இந்த ஆண்டில் இதைச் செய்தார், இன்னார் அந்த ஆண்டில் அதைச் செய்தார். ஒரு கட்டுரைக்கு ஒரு பத்தி. அப்படி எழுதினால் ஒட்டுத்தையலைத் தவிர்ப்பது மிகக் கடினம், ஏனென்றால் ஒவ்வொரு பத்தியும் ஒரே மூலத்தின் சுருக்கம். சுருக்கத்தின் வரிசை மூலத்தின் வரிசையாகத்தான் இருக்கும்.

மாறாக, பத்தியைக் கேள்விகளின்படி பிரியுங்கள். ஊறல் எவ்வளவு தூரம் போகிறது என்பது ஒரு பத்தி. எத்தனை ஆண்டு நீடிக்கிறது என்பது ஒரு பத்தி. உங்கள் குறிப்பேட்டைப் புரட்டி, முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டுரைகளை மட்டும் எடுங்கள். பயிற்சிக்காக இரண்டாவது கட்டுரை ஒன்றையும் கற்பனை செய்வோம். அதில், நல்ல மழை பெய்த ஆண்டில் மட்டும் கடைமடைக் கிணறுகளிலும் நீர்மட்டம் ஏறியது என்று இருக்கிறது. இப்போது இரண்டையும் சேர்த்தால்:

```
Studies disagree on how far recharge travels. One
recorded it mainly near the bund [1]; another saw it
at the tail end too, but only in a wet year [2].
```

முதல் வாக்கியம் எந்த மூலத்திலும் இல்லை. அது இருக்கவும் முடியாது, ஏனென்றால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் நீங்கள். அந்த வாக்கியம் மேலே நின்றதும், கீழே வரும் இரண்டு செய்திகளும் அதற்கு வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. மூலத்தின் வாக்கிய அமைப்பு உள்ளே நுழைய இடமே இல்லை. மாற்றி எழுதுவது கடினமாக இருக்கிறது என்று யாராவது என்னிடம் வந்தால், நான் முதலில் பார்ப்பது அவர் பத்தியின் முதல் வாக்கியத்தை. அது ஓர் ஆசிரியர் பெயரில் தொடங்கினால் நோய் அங்கேதான் இருக்கிறது. இந்த எடுத்துக்காட்டில் பெரியப்பாவின் இரண்டாவது கேள்வியும் நினைவுக்கு வரட்டும். முதல் கட்டுரையினர் எந்த மழை ஆண்டில் அளந்தார்கள்? வறண்ட ஆண்டு என்றால் இரண்டு கட்டுரைகளும் முரண்படவே இல்லை, ஒரே கதையின் இரண்டு பாதிகள். அப்போது 'டிஸக்ரீ' என்ற சொல்லே தவறாகிவிடும். இப்படித் திருத்திக்கொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் உண்மையான வேலை.

ஒரு சிறு எச்சரிக்கை. ஒரு கட்டுரையின் முன்னாய்வுப் பகுதியிலிருந்து இன்னொரு ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டால், அந்த மூல ஆய்வைத் தேடிப் படியுங்கள். பிறர் மாற்றி எழுதியதை நீங்கள் மறுபடி மாற்றி எழுதினால், வேலிகள் இரண்டு முறை விழுந்திருக்கும்.

எழுதி முடித்தபின் சோதிப்பது. இப்போதுதான் மூலத்தை மறுபடி திறக்க வேண்டும். உங்கள் வாக்கியத்தையும் மூலத்தையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதுங்கள். தொடர்ந்து மூன்று சொற்களோ அதற்கு மேலோ ஒத்திருந்தால் அடிக்கோடு போடுங்கள். அது துறைச்சொல்லோ சட்டகமோ என்றால் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திருத்துங்கள். பிறகு செய்திகளுக்கு எண் போட்டு வரிசையைப் பாருங்கள். சொற்கள் ஒன்றுகூட ஒத்துப்போகாமல், வரிசை மட்டும் அச்சாக ஒத்துப்போனால் அதுவும் ஒட்டுத்தையல்தான். மூன்றாவதாக, உங்கள் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, குறிப்போடு ஒப்பிடுங்கள். 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகிவிட்டதா என்று இங்கே தெரிந்துவிடும். முதல் சில பக்கங்களுக்கு இது சலிப்பாக இருக்கும். பத்துப் பக்கம் தாண்டினால் கை தானாகவே பார்த்துக்கொள்ளும், அப்போது எழுதுகிற எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை.

மென்பொருள் சோதனையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. அதற்குமேல் 40 வரை என்றால் அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்குமேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60க்குமேல் போனால் பதிவே ரத்து. இந்த எண்களைப் பார்த்து, 9 விழுக்காடு வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருப்பவர்கள் நிறைய. மென்பொருள் பெரும்பாலும் ஒத்த சொற்சரங்களைத்தான் எண்ணுகிறது. நான் மேலே காட்டிய ஒட்டுத்தையல் வாக்கியத்தில் மூன்று நான்கு சொற்களுக்கு ஒருமுறை ஒன்று மாறியிருப்பதால் அது தப்பிப் போகவும் வாய்ப்பு உண்டு. உங்கள் வழிகாட்டி கண்ணால் பிடித்ததை அது பிடிக்காது. மறுபக்கம், நேர்மையாக எழுதிய பகுதியில் நீண்ட நிறுவனப் பெயர்களையும் முறையியல் தொடர்களையும் அது சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பை அழிக்க வேண்டும் என்று துறைச்சொற்களைக் கலைத்துவிடாதீர்கள்.

அதே விதிமுறைகளில் 14 தொடர்சொற்கள் வரை என்று ஒரு விலக்கு இருக்கிறது. விடுதிகளில் இது '14 சொல் வரை எடுக்கலாம்' என்று ஒரு வேதவாக்காக உலவுகிறது. அந்த விலக்கு பொது அறிவுக்கும் தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களுக்கும்தான். பிறருடைய வாக்கியத்தைப் பதினான்கு பதினான்காக வெட்டி எடுக்க அனுமதி இல்லை.

சில இடங்களில் மாற்றி எழுதவே வேண்டாம். ஓர் ஆசிரியர் ஒரு கருத்துக்குத் தந்த வரையறையின் சொற்களைப் பற்றியே நீங்கள் விவாதிக்கப் போகிறீர்கள் என்றால், மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டு, பக்க எண் கொடுங்கள். சட்டப் பிரிவும் அப்படித்தான். உங்கள் துறையில் ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று இடம் வரலாம், அதற்குமேல் வந்தால் சோம்பல் என்று பொருள்.

கடைசியாக, கோடு போட்டுத் திரும்பி வந்திருக்கும் அந்த அத்தியாயம். அதைத் திறந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சரிசெய்ய உட்காராதீர்கள். ஒட்டுக்குமேல் ஒட்டு விழும். அதை அச்சிட்டு, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பதிலே இல்லாத பத்திகளும் இருக்கும், அவற்றைக் குறுக்கே அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றை ஒரே கேள்விக்குரியவை ஒன்றாக வரும்படி கத்தரித்து அடுக்குங்கள். பிறகு எந்தெந்தக் கட்டுரைகளுக்குத் தமிழ்க் குறிப்பு எழுத வேண்டும் என்பது தெரியும். எல்லாவற்றுக்கும் தேவைப்படாது. ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கக் குறிப்பு, நாளொன்றுக்கு இரண்டு கட்டுரை என்று போனால் இரண்டு மூன்று வாரத்தில் புதிய அத்தியாயம் எழுதும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். குறிப்பேட்டோடு முதல் நாள் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது, அவர் கிணற்றுக்கும் கண்மாய்க்கரைக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அது களப்பணி அத்தியாயத்துக்கு ஆகும்.